பெட்ரோல் ஸ்கூட்டரை மின்சார ஸ்கூட்டராக மாற்றலாமா? கடன் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

 

நமது பைத்துல் மால் வழங்கும் வட்டியில்லாக் கடனுக்கு வரும் விண்ணப்பங்களில் இப்போது புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் கிட் பொருத்தி மின்சார வண்டியாக மாற்றிக்கொள்ளப் பணம் கேட்கிறார்கள். நிர்வாகக் குழு இது பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்ததால், ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு முழுமையாக ஆராய்ந்தோம். அதில் அறிந்தவற்றை எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

விண்ணப்பித்த சகோதரர் ஜவுளி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பவர். தினம் 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டம். வண்டி 110 சி.சி. ஸ்கூட்டர், 2013-ல் பதிவானது. மெக்கானிக் ஒருவர் கேட்ட தொகை ரூ.42,000. கிட்டுக்கு 20,000, பேட்டரிக்கு 18,000, கூலி 4,000. ஒருமுறை சார்ஜ் செய்தால் 80 கிலோமீட்டர் ஓடும் என்றும் சொல்லியிருந்தார்.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். மாதம் 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைக்கிறது, பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு சுமார் ரூ.2,300. மின்சாரத்தில் ஓடினால், சுமையோடு போகும் இத்தகைய வண்டி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 வாட்-மணி எடுக்கும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மாதம் 49 யூனிட். வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்சாரத்துக்கு மேல் இது சேர்வதால், இலவச யூனிட்டில் கழியாது. மேல் படியில்தான் கணக்காகும். யூனிட் ரூ.7 என்றால் சுமார் ரூ.350. ஆக மாதம் ரூ.1,950 மிச்சம். இந்தக் கணக்கில் 42,000 ரூபாய் இரண்டு வருடத்திற்குள் திரும்பிவிடும். ஆசை வருவதில் வியப்பில்லை.

ஆனால் 80 கிலோமீட்டர் என்ற வாக்கை முதலில் சோதிக்க வேண்டும். அவர் கொடுப்பதாகச் சொன்னது 60 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக் கூடாது என்பதால் நடைமுறையில் கையில் கிடைப்பது 1.6 யூனிட். கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி என்றால் 40 கிலோமீட்டர்தான். ஒற்றை ஆளாக, சமதளத்தில், மெதுவாக ஓட்டினால் 55 வரை போகலாம். மூட்டையோடும் மேம்பாலத்தோடும் 80 என்பது நடக்காது.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி பழையதாக ஆகக் கொள்ளளவு குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே 40 என்பது 32 ஆகிவிடும். அன்றிலிருந்து அந்தச் சகோதரர் மூட்டையோடு பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். அவருடைய தொழிலுக்குக் குறைந்தது 45 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். அதற்கு மேலும் ரூ.18,000 ஆகும் என்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார். இப்போது தொகை 60,000. மிச்சப்படும் பணத்தில் அது திரும்ப 31 மாதம் ஆகும்.

பேட்டரியில் எழுதியிருக்கும் அளவு உண்மைதானா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சிறு மீட்டர் மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது. வண்டி தானாக நிற்கும் அளவுக்கு ஓட்டிவிட்டு, அந்த மீட்டர் வழியாக முழுதும் சார்ஜ் செய்யுங்கள். 1.8 யூனிட் பேட்டரி என்றால் மீட்டரில் சுமார் 2 யூனிட் காட்ட வேண்டும். 1.3 என்று காட்டினால், பழைய செல்களைக் கட்டி மேலே புதிய உறை போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. வாங்குகிறவரும் அளந்து பார்த்து வாங்குவது அவர் கடமை.

அடுத்தது வண்டியின் உடல். மோட்டார் சைக்கிளில் இஞ்சின் தனி, பின்சக்கரத்தைத் தாங்கும் கை தனி. நம் ஸ்கூட்டர்களில் அப்படி இல்லை. இஞ்சினே பின்சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் இருக்கிறது. ஷாக் அப்சார்பரும் அதன் மீதுதான் நிற்கிறது. இஞ்சினைக் கழற்றினால் அந்த இடத்தில் புதிதாக இரும்பில் ஒரு கை செய்து, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஹப் மோட்டாரை அதில் பூட்ட வேண்டும். வண்டியின் முழுப் பாரமும் அந்த வெல்டிங்கில் நிற்கும். பட்டறையில் கண் அளவில் செய்த கை சற்றே கோணினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்தால் விரிசல் தொடங்கிவிட்டது என்று பொருள். அதோடு, பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டதும் இஞ்சின் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். அது இல்லாமல் போவதால் வேலை முழுவதும் பிரேக்குக்கு வருகிறது.

இவையெல்லாம் செலவு செய்து சரிப்படுத்தக்கூடியவை. சட்டம் அப்படியல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மின்சாரமாக மாற்ற அனுமதி உண்டு. ஆனால் அதற்குரிய கிட், ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதிப்படி புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகேட் போன்ற அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் தேறியிருக்க வேண்டும். அந்தச் சான்று எல்லா வண்டிக்கும் பொதுவானதல்ல. எந்தெந்த மாடல்களுக்கு அந்தக் கிட் பொருந்தும் என்று அதிலேயே இருக்கும். கிட் நிறுவனம் அதிகாரம் கொடுத்த பட்டறையில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் போய் மின்சாரம் என்று பதிவாக வேண்டும். பிறகு பச்சை நம்பர் பிளேட்.

அனுமதியில்லாமல் மாற்றினால் 182-ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "250 வாட்டுக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குக் குறைந்த எடை ஆகிய மூன்றும் சேர்ந்து, அப்படியே சோதிக்கப்பட்டு வரும் வண்டிக்குரியது. இந்தக் கிட்டுகளில் மோட்டாரே 1,000 வாட்டுக்கு மேல். ஏற்கெனவே பதிவான ஸ்கூட்டர் இந்தச் சலுகைக்குள் வராது.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். பாலிசி பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எழுதப்பட்டது. மாற்றிய வண்டி ஒருவர் மேல் மோதிவிட்டால், நிறுவனம் பொறுப்பை மறுத்து வழக்காடலாம். அல்லது நீதிமன்ற உத்தரவுப்படி கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். அடிபட்டவர் நஷ்டஈட்டுக்கு வருடக்கணக்கில் அலைவார். ஜவுளி விற்கும் குடும்பம் லட்சக்கணக்கில் கடனாளியாகும். அடிபட்டவருக்கு நாம் தர வேண்டியது ஹக்குல் இபாத். மாதம் 1,950 ரூபாய் மிச்சத்துக்காக அதைப் பணயம் வைக்க முடியாது.

எனவே மெக்கானிக்கிடம் மூன்றே விஷயங்களைக் கேட்கச் சொன்னோம். கிட்டின் சான்று நகல், அதில் நம் மாடலின் பெயர். நிறுவனம் அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம். அவர் ஏற்கெனவே மாற்றிக் கொடுத்த ஒருவரின் ஆர்.சி.யில் எரிபொருள் மாறியிருப்பதற்கு ஆதாரம். அவர் காட்டியது பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 சான்று மட்டுமே. பேட்டரி பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் வண்டியை மாற்றும் அனுமதி அதில் இல்லை.

அனுமதி பெற்ற கிட் விற்கும் ஒரு நிறுவனத்தையும் விசாரித்தோம். தேவையான பேட்டரியோடு ரூ.85,000 சொன்னார்கள். அந்தச் சகோதரரின் மாடல் அவர்களின் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் பணம் திரும்ப 44 மாதம் ஆகும். 2013-ல் பதிவான வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டில், 2028-ல் முடிகிறது. அதன் பிறகு வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று பெற்றுத்தான் புதுப்பிக்க வேண்டும். போட்ட முதல் திரும்பும் முன்பே வண்டியின் காலம் முடிந்துவிடும்.

மறுபக்கம், அந்த ஸ்கூட்டரை விற்றால் ரூ.20,000 கிடைக்கும். அவர் ஓட்டத்துக்குப் போதுமான புதிய மின்சார ஸ்கூட்டர் அவர் விசாரித்த கடையில் ஒரு லட்சம். கையிலிருந்து போட வேண்டியது 80,000. கிட்டுக்குக் கேட்ட தொகையை விடக் குறைவு. வாரன்டி உண்டு, ஆர்.சி. 15 ஆண்டுக்குப் புதிது, இன்சூரன்ஸில் சிக்கல் இல்லை. பழுதானால் மோட்டார்காரர் பேட்டரிக்காரரைக் கைகாட்டும் தொல்லையும் இல்லை. அந்த வழிக்கு ரூ.50,000 கடன் வழங்கினோம். மீதியை அவர் சேமிப்பிலிருந்து போட்டுக்கொண்டார். மாத மிச்சத்திலிருந்தே தவணை கட்டுகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

கிட் எவருக்குமே பொருந்தாது என்று இதற்குப் பொருளில்லை. வண்டி பதிவாகி ஐந்தாறு வருடத்துக்குள் இருந்து, சேஸ் துருப்பிடிக்காமல், அந்த மாடலின் பெயர் சான்றில் இருந்து, தினம் 40 கிலோமீட்டர் அளவு ஓட்டமும் இருந்தால் கணக்குப் பொருந்தலாம். தினம் 10 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு எந்த வழியிலும் பொருந்தாது. அவருக்கு மாதம் 500 ரூபாய்தான் மிஞ்சும். 60,000 ரூபாய் திரும்பப் பத்து வருடம் ஆகும். அதற்குள் இன்னொரு பேட்டரி வாங்க வேண்டிவரும். அவர் கார்புரேட்டரைச் சரிபார்த்து, டயரில் காற்றைச் சரியாக வைத்துப் பெட்ரோலிலேயே ஓட்டுவது நல்லது.

பைத்துல் மால் பணம் அமானிதம் என்பதால், இனி இதற்கான கடனுக்கு மேலே சொன்ன மூன்று ஆதாரங்களையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்று குழு முடிவு செய்துள்ளது. முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்.சி. நகலையும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த விலைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
– செயலாளர்