தலைப்பகுதி சிதைந்த மறையாக்கக் கலனை மீட்டல்

நாக்பூரில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தம் பழைய வீட்டை விற்ற மறு ஆண்டில், அவ்வீட்டைப் புதுப்பிக்கச் செய்த செலவுக்குச் சான்று கேட்டு வருமான வரித் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. ரசீதுகளின் தாள்கள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து அழிந்துவிட்டன. அவற்றை ஸ்கேன் செய்த படங்கள் மட்டும் வெராகிரிப்ட் என்னும் மென்பொருளால் உருவாக்கிய ஒரு மறையாக்கக் கலனுக்குள் இருந்தன. அந்தக் கலன் இருந்த பென் டிரைவோ பழுதாகிவிட்டது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கோப்பை மீட்டுத் தந்தார்கள். பெயர் சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது, ஆனால் கலன் திறக்கவில்லை. பதிலளிக்க ஒன்பது நாட்களே எஞ்சியிருந்த நிலையில் அவர் என்னை அழைத்தார்.

மறையாக்கக் கலன் என்பது வெளியிலிருந்து பார்க்க ஒரே ஒரு பெரிய கோப்பு. கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது கணினியில் தனி டிரைவாகத் தோன்றும். உள்ளே கோப்புறைகளும் ஆவணங்களும் இருக்கும். வைப்பு ரசீதுகள், கிரயப் பத்திரம், வரிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களைப் பலர் இவ்வாறு வைத்திருக்கிறார்கள். இதில் பெரும்பாலோர் அறியாத ஒன்று உண்டு. நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் நம் ஆவணங்களை நேரடியாகப் பூட்டுவதில்லை. கலனை உருவாக்கும்போதே மென்பொருள் ஒரு முதன்மைச் சாவியைத் தற்செயல் எண்களால் ஆக்கிக்கொள்கிறது. ஆவணங்களை மறைப்பது அந்தச் சாவிதான். சாவியை ஒரு சிறு பெட்டியில் இட்டு, அந்தப் பெட்டியைத்தான் நம் கடவுச்சொல்லால் பூட்டுகிறது. அந்தச் சிறு பெட்டியே தலைப்பகுதி.

கலனின் தொடக்கத்தில் 64 கிலோபைட் இடம் தலைப்பகுதிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதிலும் உண்மையில் பயன்படுவது முதல் 512 பைட்டுகள் மட்டுமே. இரண்டு ஜிபி கலனானாலும் இருநூறு ஜிபி கலனானாலும் இதே அளவுதான். ஆகவே, தட்டின் ஒரு துளி இடம் கெட்டு அந்த 512 பைட்டுகள் போய்விட்டால், மற்ற அனைத்தும் நலமாக இருந்தும் கலன் திறக்காது. கடவுச்சொல் நினைவிருப்பதாலும் பயனில்லை. திறக்க வேண்டிய பெட்டியே அங்கு இல்லை.

இதை எவ்வாறு கண்டறிவது? மென்பொருள் காட்டும் செய்தி இங்கு உதவாது. கடவுச்சொல் தவறானாலும், தலைப்பகுதி சிதைந்தாலும், கோப்பே கலன் அல்லாவிட்டாலும், Operation failed என்று தொடங்கி எல்லாக் காரணங்களையும் ஒரே பட்டியலாகத்தான் அது காட்டும். இது குறையன்று. தலைப்பகுதி மறைக்கப்பட்டிருப்பதால், விரித்துப் பார்த்தாலன்றி அது சரியா சிதைந்ததா என்று மென்பொருளுக்கே தெரியாது. பொறியாளர் நண்பர் இந்தச் செய்தியைக் கண்டு, தம் கடவுச்சொல்லின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகளையெல்லாம் இரண்டு நாள் முயன்று பார்த்திருந்தார். அவர் நினைவில் பிழை இல்லை.

எதையும் சரிசெய்யத் தொடங்குமுன் செய்ய வேண்டியது, கலனின் நகல் ஒன்றை வேறொரு நல்ல தட்டில் எடுத்துக்கொள்வது. தலைப்பகுதியை மீட்கும் செயல் கோப்பின் மீது எழுதும் செயல். தவறு நேர்ந்தால் திரும்ப வழி வேண்டும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் இதனைச் செய்தோம்:

```
copy /v D:\veedu.hc E:\veedu_nakal.hc
```

இதில் உள்ள `/v`, எழுதப்பட்ட நகலைச் சரிபார்க்கச் சொல்கிறது. இதன்பின் மூலத்தைத் தொடவில்லை. எல்லாம் நகலின் மீதுதான்.

அடுத்தது ஒரு சோதனை. வெராகிரிப்ட் கலனை உருவாக்கும்போதே தலைப்பகுதியின் காப்பு ஒன்றைக் கலனின் கடைசி 128 கிலோபைட் பகுதியில் வைத்துவிடுகிறது. கடவுச்சொல் கேட்கும் சாளரத்தில் Mount Options என்பதை அழுத்தி, அங்குள்ள Use backup header embedded in volume if available என்பதையும் Mount volume as read-only என்பதையும் தேர்ந்துகொண்டு, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இப்போது கலன் திறந்தால் இரண்டு செய்திகள் ஒருசேரக் கிடைக்கின்றன: கடவுச்சொல் சரி, முன்னுள்ள தலைப்பகுதிதான் கெட்டது. அப்படியானால் கலனை மூடிவிட்டு, Tools பட்டியலில் Restore Volume Header என்பதைத் தேர்ந்து, கலனுக்குள்ளேயே இருக்கும் காப்பிலிருந்து மீட்குமாறு சொன்னால் வேலை முடிந்தது. பெரும்பாலான சிதைவுகள் இத்துடன் தீர்ந்துவிடும்.

எங்களுக்குத் தீரவில்லை. அதே Operation failed செய்தியே வந்தது. பழுதான பென் டிரைவிலிருந்து கோப்பை எடுத்த கடைக்காரர், படிக்க இயலாத இடங்களையெல்லாம் சுழிகளால் நிரப்பித் தந்திருந்தார். அது அத்தொழிலில் வழக்கம்தான். இல்லாவிட்டால் பின்வரும் தரவுகள் இடம் மாறிவிடும். ஆனால் அவ்விடங்களில் ஒன்று கோப்பின் தொடக்கத்திலும் இன்னொன்று அதன் இறுதியிலும் விழுந்திருந்தன. பதினாறடிமான எண்களைக் காட்டும் ஒரு நிரலில் கோப்பைத் திறந்து பார்த்தபோது, முதல் பக்கம் முழுவதும் 00, 00 என்றே இருந்தது. நல்ல கலனின் தொடக்கத்தில் ஒழுங்கற்ற எண்கள் சிதறியிருக்க வேண்டும். ஒரே எண் வரிசையாக வருமாயின் அங்குத் தலைப்பகுதி இல்லை என்று துணியலாம்.

இவ்விடத்தில் சிலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். அதே பெயரில், அதே அளவில், அதே கடவுச்சொல்லுடன் புதிய கலன் ஒன்றை உருவாக்கி, அதன் தலைப்பகுதியை எடுத்துப் பழைய கலனில் பொருத்தினால் திறந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். திறக்கவும் திறக்கும், டிரைவும் தோன்றும். ஆனால் புதிய கலனின் முதன்மைச் சாவி வேறு. அச்சாவியால் பழைய தரவைப் படித்தால் வெறும் குப்பையே கிடைக்கும். விண்டோஸ், You need to format the disk என்று கேட்கும். அதற்கு ஒப்பினால் பெரும் இழப்பு. கடவுச்சொல்லைக் கொண்டு முதன்மைச் சாவியைக் கணக்கிட்டுப் பெற முடியாது. அந்தக் கலனிலிருந்தே முன்பு எடுத்துவைத்த தலைப்பகுதிக் காப்பு ஒன்றே வழி.

நல்வேளையாக நண்பர் 2021இல் கலனை உருவாக்கியபோது Backup Volume Header என்னும் வசதியால் ஒரு காப்புக் கோப்பு எடுத்து, வங்கிப் பெட்டகத்தில் நகைகளுடன் ஒரு பழைய பென் டிரைவில் வைத்திருந்தார். அதன் அளவு 1,31,072 பைட்டுகள். இந்த எண்ணைச் சரிபார்ப்பது நல்லது. அளவு குறைந்திருந்தால் அந்தக் காப்பும் பழுதானது என்று பொருள்.

Restore Volume Header என்பதை மீண்டும் தேர்ந்து, இம்முறை வெளியில் உள்ள காப்புக் கோப்பிலிருந்து மீட்பதைக் குறித்தோம். கோப்பைக் காட்டியதும், அதில் உள்ள தலைப்பகுதிக்குரிய கடவுச்சொல்லை மென்பொருள் கேட்டது. நண்பர் தட்டச்சு செய்தார், மீண்டும் பிழை. அறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

"இதற்கிடையில் கடவுச்சொல்லை மாற்றினீர்களா?" என்று கேட்டேன்.

"2023இல் மாற்றினேன். அதைத்தானே சார் இப்போது கொடுக்கிறேன்" என்றார்.

காரணம் அதுவே. கடவுச்சொல்லை மாற்றும்போது முதன்மைச் சாவி மாறுவதில்லை. அதே சாவி புதிய பூட்டுள்ள பெட்டிக்குள் வைக்கப்படுகிறது, அவ்வளவே. கலனின் முன்னும் பின்னும் உள்ள தலைப்பகுதிகள் புதுப்பிக்கப்படும். பெட்டகத்தில் உறங்கும் காப்புக் கோப்புக்கு அந்த மாற்றம் எப்படித் தெரியும்? அது இன்றும் 2021ஆம் ஆண்டுக் கடவுச்சொல்லையே கேட்கும். PIM என்னும் எண்ணையோ சாவிக் கோப்பையோ அப்போது பயன்படுத்தியிருந்தால் அவையும் அன்றிருந்தபடியே வேண்டும். பழைய கடவுச்சொல் நண்பருக்கு நினைவில்லை. அவருடைய மனைவி சமையலறைக் கணக்கேட்டின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தார். பாதுகாப்பு நெறிப்படி அது தவறு என்று நான் அன்று சொல்லவில்லை.

பழைய சொல்லைக் கொடுத்ததும் மென்பொருள் ஏற்றது. எலியைச் சாளரத்துக்குள் சிறிது நேரம் அசைக்கச் சொன்னது; தலைப்பகுதியைப் புதிய தற்செயல் எண்களுடன் மறுபடி மறைத்து எழுதுவதற்காக அது. தலைப்பகுதி மீட்கப்பட்டது என்றும், பழைய கடவுச்சொல்லும் திரும்பியிருக்கலாம் என்றும் அறிவித்தது.

கலனைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறந்தோம். கோப்புறைகள் தோன்றின. உடனே எல்லாவற்றையும் வேறு தட்டுக்கு நகலெடுத்தோம். எழுதும் முறையில் திறப்பதையும் வட்டுப் பிழை திருத்துவதையும் அதற்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது. தலைப்பகுதியை மீட்டது சாவியை மீட்டதே தவிர, இடையில் சுழிகளாகிப்போன தரவை மீட்டதாகாது. இந்த மறையாக்க முறையில் ஓரிடத்துச் சிதைவு அவ்விடத்தோடு நின்றுவிடும், பின்வருபவற்றைக் கெடுக்காது. நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளில் இரண்டு படங்களும் ஒரு பிடிஎஃப் கோப்பும் மட்டும் திறக்கவில்லை. தச்சு வேலைக்கும் குழாய் வேலைக்குமான ரசீதுகள் முழுமையாக இருந்தன. தரைக்கல் வாங்கிய ரசீது இழந்த இரண்டில் ஒன்று. அதற்குக் கடைக்காரரிடம் மறுபடி கேட்டு வாங்கினார்.

அன்றே பழைய கலனைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னேன். பழைய கலனில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாதா என்று அவர் கேட்டார். பழைய காப்புக் கோப்பும் கணக்கேட்டில் உள்ள சொல்லும் ஒருவர் கையில் ஒன்றுசேர்ந்தால், நாம் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அக்கலன் அவருக்குத் திறக்கும். புதிய கலனுக்கு முதன்மைச் சாவியே வேறு. பழைய காப்பு அதனிடம் செல்லாது. புதிய கலனை மூடிய நிலையில் வைத்து Backup Volume Header வழியாகக் காப்பு எடுத்தோம். மறைகலன் உள்ளதா என்று மென்பொருள் கேட்ட இடத்தில் இல்லை என்றோம். கோப்பின் பெயரிலேயே எடுத்த தேதியைச் சேர்த்தோம். எந்தக் கடவுச்சொல்லுக்குரிய காப்பு என்பது அதனால் பின்னர் தெரியும்.

மறுநாள் அவர் அந்தக் கோப்பைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து நேரே தணிக்கையாளரிடம் ரசீதுகளுடன் சென்றார். பதில் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்தது.