ஏர் பியூரிஃபையர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும்: காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மாலையில் விரல் வைத்தால் தூசி ஒட்டும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏர் பியூரிஃபையர் வாங்கக் கிளம்புகிறார்கள். ஆனால் அந்தப் பெருந்தூசி தானே கீழே படியும், ஈரத்துணியே போதும். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம் வரை போகும் பிஎம் 2.5 துகள்களுக்குத்தான் இந்த இயந்திரம்.

நம்பிக்கை: 'ஹெப்பா' என்று போட்டிருந்தால் போதும்.

உண்மை: 'ஹெப்பா டைப்' என்பது வெறும் விளம்பரச் சொல், அதற்குத் தர அளவு கிடையாது. எச்13 என்று குறிப்பிட்ட ஃபில்டரைக் கேளுங்கள். பிடிக்க மிகக் கடினமான நுண்துகள்களிலும் 99.95 சதவீதத்தை அது தடுக்கும். ஆனால் குப்பை எரியும் நாற்றத்தையும் வாயுக்களையும் ஹெப்பா தடுக்காது. அதற்குக் கார்பன் ஃபில்டர் வேண்டும். அது மெல்லிய வலையாக இருந்தால் சீக்கிரமே நிறைந்துவிடும். நாற்றம் மறுபடி வருவதே அதற்கு அடையாளம்.

நம்பிக்கை: பெட்டியில் '400 சதுர அடி' என்றால் ஹாலுக்கே போதும்.

உண்மை: பார்க்க வேண்டியது சிஏடிஆர், அதாவது ஒரு மணி நேரத்தில் இயந்திரம் தரும் சுத்தமான காற்றின் அளவு. 10க்கு 12 அடி படுக்கையறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு 5 முறை சுத்தமாக வேண்டுமானால் சிஏடிஆர் 170 தேவை. பெட்டியில் இருக்கும் எண் முழு வேகத்துக்கானது. அந்த இரைச்சலில் தூங்க முடியாமல் இரவில் வேகத்தைக் குறைப்போம்; சுத்தமாகும் காற்றும் குறையும். அதனால் 250 அளவில் வாங்குவதே சரி. கதவு, ஜன்னல் திறந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

நம்பிக்கை: விலை குறைந்ததே லாபம்.

உண்மை: ஓர் உதாரணம். 6,000 ரூபாய் இயந்திரத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,000 ரூபாய் ஃபில்டர் என்றால், மூன்று ஆண்டில் ஐந்து முறை மாற்ற வேண்டும், மொத்தம் 21,000. 10,000 ரூபாய் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு ஒரு 2,500 ரூபாய் ஃபில்டர் என்றால் இரண்டே முறை; மொத்தம் 15,000. செலவை மிச்சப்படுத்த ஹெப்பாவைக் கழுவாதீர்கள், அதன் இழைகள் கெட்டுவிடும். கழுவத்தக்கது முன்னால் உள்ள வலை மட்டும்தான். நெடுஞ்சாலையோர வீடுகளில் அந்த வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் ஹெப்பா கூடுதல் நாள் உழைக்கும்.

கடைக்குப் போகும் முன் அறையை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். போனதும் இயந்திரத்தின் விலைக்கு முன்னால் ஃபில்டரின் விலையைக் கேளுங்கள்.