புத்தகத்தை எத்தனை மணிக்கு மூடுவது?

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பிள்ளையைக் காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவது என்று வீட்டில் பேச்சு வரும். இரவு எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்வது என்ற பேச்சு அநேகமாக வராது. "விடியக்காலையில நாலு மணிக்கு எழுந்து படிச்சாத்தான் மனசுல நிக்கும்" என்று சொல்லும் தாத்தா எட்டு மணிக்கே பாயை விரித்துவிடுகிறவர். அந்தப் பாதியை அவர் சொல்ல மாட்டார், கேட்கிறவர்களும் கவனிப்பதில்லை.

இந்த மாதத்தில் பிள்ளைகள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாலு மணிக்கு எழுவது ஒன்று. ஊர் அடங்கிய பிறகு பன்னிரண்டு, ஒன்று வரை உட்காருவது இன்னொன்று. மூன்றாவது, மணியைப் பார்க்காமல் அன்றைய போர்ஷன் முடிகிற வரை படிப்பது. நான்காவதாக ஒரு வழி உண்டு: எழ வேண்டிய நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் புத்தகத்தை மூடும் நேரத்தைக் குறிப்பது. பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்த நான்காவதைத்தான் நான் சொல்வேன். ஏன் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழரைக்குப் பஸ். மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வீடு வரும்போது ஆறேகால். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் போக, காலையில் கொஞ்சம் படிக்கவும் வேண்டுமென்றால் 5:45க்கு எழ வேண்டும். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் பரிந்துரைத்தது. பொதுத்தேர்வு மாதத்தில் நம் வீடுகளில் அது நடக்கிற காரியமில்லை. ஏழரை மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். 5:45இலிருந்து ஏழரை மணி நேரம் பின்னால் போனால் இரவு 10:15. அப்போது அவள் தூங்கியிருக்க வேண்டும், படுத்திருந்தால் போதாது. படுத்துக் கண் அயரக் கால் மணி நேரம் ஆகும் என்றால் விளக்கணைப்பது பத்து மணி. மனம் அடங்க அரை மணி நேரம் விட்டால் புத்தகம் மூடும் நேரம் 9:30.

மாலையில் டீ, குளியல் எல்லாம் முடித்து ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எட்டரை வரை ஒன்றரை மணி நேரம். சாப்பிட்டுவிட்டு 8:50 முதல் 9:30 வரை நாற்பது நிமிடம். காலையில் ஆறு முதல் 6:40 வரை இன்னொரு நாற்பது நிமிடம். மொத்தம் 2 மணி 50 நிமிடம்.

நாலு மணி வழியில் இதே மாணவியைப் பார்ப்போம். ஒரே அறை உள்ள வீட்டில் டிவி அணைந்து எல்லோரும் படுக்க பத்தரை ஆகிவிடும். அதுவரை புத்தகம் கையில் இருக்கும். நாலு மணிக்கு அலாரம். முகம் கழுவித் தெளிய இருபது நிமிடம் போக 6:40 வரை 2 மணி 20 நிமிடம் கிடைக்கிறது. இரவில் கூடுதலாகக் கிடைத்ததையும் சேர்த்தால் காகிதத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் லாபம். தூக்கமோ ஐந்தரை மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைந்தால் முப்பது நாளில் அறுபது மணி நேரம். ஏழரை மணி நேரக் கணக்கில் எட்டு முழு இரவுகள் போய்விட்டன.

அந்த லாபமும் கைக்கு வந்து சேராது. அந்த மாணவிக்குக் கடைசி மாதத்தின் பெரிய படிப்பு நேரம் பள்ளியில்தான் இருக்கிறது. திருப்புதல் தேர்வுத் தாளை ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் போயிற்று என்று சொல்வது அங்கேதான். வீட்டில் இரண்டு மணி நேரம் சேர்த்து, பள்ளியில் ஏழெட்டு மணி நேரத்தை அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து கழித்தால் கணக்கு எங்கே போகும்? லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 535 உயர்நிலைப்பள்ளி மாணவர்களை இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதவைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. தூக்கத்தைக் குறைத்து வழக்கத்தைவிட அதிகம் படித்த நாளுக்கு மறுநாள், வகுப்பில் பாடம் புரியாமல் போவதும் தேர்வில் சறுக்குவதும் கூடியிருந்தன. எப்போதும் நிறையப் படிப்பவர்களுக்கும் அப்படித்தான்.

"எனக்குப் பழகிடுச்சு, அஞ்சரை மணி நேரம் போதும்" என்று பிள்ளை சொல்லும். பொய் சொல்வதில்லை, அப்படித்தான் தோன்றும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெரியவர்களைப் பதினான்கு இரவுகள் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த சோதனையின் முடிவுகள் 2003இல் வந்தன. நாளுக்கு நாள் கவனம் சரிந்து, கடைசியில் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குத் தவறவிட்டார்கள். அவர்களோ தங்களுக்குக் கொஞ்சம்தான் தூக்கம் வருவதாகச் சொன்னார்கள். ஆகவே பிள்ளையின் வாக்குமூலத்தை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைப் பாருங்கள். தலையணையில் தலை வைத்த மாத்திரத்தில் தூங்கிப் போவது, ஒரு அலாரத்துக்கு எழ முடியாதது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவது: இவை தெரிந்தால் மூடும் நேரத்தை அரை மணி முன்னால் கொண்டுவர வேண்டும். மாறாக, தினமும் அரை மணிக்கு மேல் புரண்டு படுத்தால் நேரம் அந்த உடலுக்கு ரொம்ப முன்னால் இருக்கிறது, அல்லது கடைசியில் படித்தது மனதைக் கிளறிவிட்டிருக்கிறது.

நள்ளிரவு வழியை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொல்வது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. பள்ளி இல்லாமல் வீட்டிலிருந்தே இரண்டாம் முறை நீட் தேர்வுக்குத் தயாராகிறவர் பன்னிரண்டுக்குப் படுத்து எட்டுக்கு எழலாம். தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்குத்தானே. ஆனால் அந்த வீட்டில் ஆறு மணிக்குக் குக்கர் விசில் அடிக்காமல் இருக்க வேண்டும். அடித்தால் கிடைப்பது ஆறு மணி நேரம். தேர்வு மையத்தின் கதவு ஒன்றரைக்கே மூடிவிடும்; வெளியூர் மையமென்றால் காலையிலேயே கிளம்ப வேண்டும். அதனால் கடைசிப் பத்து நாளில் எழும் நேரத்தை ஆறரை, ஏழுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. பிளஸ் டூ எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வரும், பத்தேகாலுக்கு எழுதத் தொடங்க வேண்டும்.

போர்ஷன் முடிகிற வரை படிப்பது கேட்க ஒழுங்காகத் தெரிகிறது. நடப்பில் மூன்றிலும் மோசமானது இதுதான். அன்றைக்கு வருவது எளிதான பாடமென்றால் ஒன்பதுக்கே முடியும். கரிம வேதியியலோ தொகை நுண்கணிதமோ வந்தால் ஒரு மணி. இன்று பத்து, நாளை ஒன்று என்று அலையும் தூக்கத்துக்கு உடல் பழகவே முடியாது. தவிர, எது கடினமோ அது எப்போதும் களைத்துப்போன கடைசி மணி நேரத்தில் வந்து விழும். போர்ஷன் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மேல் மணிதான் இருக்க வேண்டும். 9:30க்கு முடியாதது நாளைய தாளில் முதல் வரியாகப் போகட்டும்.

மூடும் நேரத்தைப் பலர் கடைப்பிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம், அதற்கு முன் என்ன படிக்கிறார்கள் என்பதுதான். ஒன்பதேகாலுக்கு ஒரு புதுக் கணக்கில் கைவைத்தால் 9:30க்கு யாராலும் எழுந்திருக்க முடியாது. விடை வராத கணக்கு படுக்கை வரை கூடவே வரும். அதனால் புதுப் பாடம், கணக்கு, மாதிரி வினாத்தாள் எல்லாம் இரவுச் சாப்பாட்டோடு நிற்கட்டும். சாப்பாட்டுக்குப் பிந்தைய நாற்பது நிமிடம் அன்று படித்ததைத் திரும்பப் பார்க்க மட்டும். இரண்டு மதிப்பெண் கேள்விகள், படங்களின் பாகங்கள், மனப்பாடச் செய்யுள் போன்றவை அதற்குப் பொருந்தும். மூடியபின் வரும் அரை மணியில் பையை எடுத்துவைப்பது, சீருடை பார்ப்பது, நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதுவது. இப்படி ஐந்து நிமிடம் எழுதிவிட்டுப் படுத்தவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. சின்ன லாபம், செலவில்லாதது. போன் அந்த அரை மணியில் அப்பா கையில் இருக்கட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பதினோரு மணிக்கு ஒருவர் "மூணாவது பாடம் முடிச்சாச்சா" என்று கேட்டால் போதும், நாற்பது பேர் தூக்கம் கெடும்.

டீ, காபியும் இதில் சேரும். காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகிறது. பள்ளி முடிந்து குடிக்கும் டீ கடைசியாக இருக்கட்டும். ஒன்பது மணிக்கு அம்மா அன்போடு நீட்டும் டம்ளரில் பால் இருக்கலாம்.

இப்போது ஒரு மணிக்குப் படுக்கிற பிள்ளையை நாளையே பத்துக்குப் படுக்கச் சொன்னால் தோற்றுப்போவார். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடல் மிகவும் விழிப்பாக இருக்கும் பொழுது. படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தினால் ஒரு மணியிலிருந்து பத்துக்கு வர இருபத்துநான்கு நாள் ஆகும். ஒரு மாதத்துக்குள் அடங்குகிற கணக்குத்தான். படுக்கும் நேரத்தோடு எழும் நேரத்தையும் நகர்த்த வேண்டும், எழுந்ததும் வாசலிலோ மாடியிலோ பத்துப் பதினைந்து நிமிடம் வெயில் வெளிச்சம் படவேண்டும். அது இல்லாமல் இரவை மட்டும் இழுத்தால் வராது.

தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு பாடம் மிச்சமிருந்தால் அரை மணி நீட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த அரை மணியிலும் ஏற்கெனவே ஒருமுறை படித்த பாடத்தின் புத்தகப் பின்பக்கக் கேள்விகளை மட்டும் பார்க்கலாம். தொடாத பாடத்தை அன்று தொடுவதால் தெரிந்ததும் குழம்பும்.

தேர்வுகள் தொடங்கிய பிறகு இரவைக் கெடுப்பது பெரும்பாலும் பகல்தான். 1:15க்குத் தேர்வு முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் சாய்ந்தால் எழும்போது ஆறு மணி ஆகியிருக்கும். அன்று பத்து மணிக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு வரை படித்துவிடலாம் என்று தோன்றும். அடுத்த தேர்வு வரை அந்தக் கோணல் நிமிராது. மூன்று மணிக்குள் அலாரம் வைத்து அரை மணி தூங்கவிடுங்கள். வந்து சேரவே மூன்றரை ஆகிவிட்டால் தூக்கம் வேண்டாம், அன்றைக்கு மட்டும் ஒன்பது மணிக்கே புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்.