கழிவுக் குறியீடு: கூடியது விற்பனையா, செலவா?

வட செபராங் பிறையில் உள்ள தாசேக் கெலுகோரில் ஒரு குடும்பம் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு இணையத்தில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டின் 20 ரிங்கிட். மாவு, எண்ணெய், டின், கூலி எல்லாம் சேர்த்து அடக்கவிலை 12 ரிங்கிட். ஆக, ஒரு டின்னுக்கு 8 ரிங்கிட் மிஞ்சும். தீபாவளிக்கு முன்பு அக்குடும்பம் பழைய வாடிக்கையாளர்களுக்கு DEEPA20 என்ற குறியீட்டை அனுப்புகிறது. அதைப் பதிந்தால் டின்னுக்கு 4 ரிங்கிட் கழிவு.

ஆர்டர்கள் குவிகின்றன. ஆனால், பண்டிகைக் காலத்தில் குறியீடே இல்லாவிட்டாலும் முறுக்கு விற்கும். அப்படியானால், குறியீட்டால் வந்தவை எத்தனை? இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் 400 பேர் என்றால், பட்டியலில் ஒன்றுவிட்டு ஒருவராக 200 பேருக்கு மட்டும் குறியீட்டை அனுப்ப வேண்டும். மற்ற 200 பேருக்கு அனுப்பக்கூடாது. நன்றாக வாங்குபவர்களாகப் பார்த்து அனுப்பினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

குறியீடு பெறாதவர்களிடமிருந்து 40 ஆர்டர் வந்தன. ஆளுக்கு ஒரு டின். பெற்றவர்களிடமிருந்து 56 வந்தன. எனவே, உண்மையில் கூடியவை 16 மட்டுமே. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய 40 பேருக்குக் கொடுத்த கழிவு 160 ரிங்கிட். கூடுதலான 16 டின்னில் கிடைத்த இலாபமோ, டின்னுக்கு 4 வீதம், 64 ரிங்கிட்தான். 96 ரிங்கிட் நட்டம்! முதலுக்கு மோசமில்லாமல் இருக்க 80 ஆர்டராவது வந்திருக்க வேண்டும். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அந்த 16 பேரில் சிலர் அடுத்த மாதம் வாங்கவேண்டியதை இப்போதே வாங்கியிருக்கலாம். ஆகவே, அடுத்த சில வாரங்களிலும் இரு பிரிவினரின் ஆர்டர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

நட்டம் அதோடு நிற்கவில்லை. புதிய வாடிக்கையாளருக்கென்று BARU5 என்ற 5 ரிங்கிட் குறியீடும் அக்கடையில் உண்டு. அந்த 56 ஆர்டர்களில் ஒன்பதில் இரண்டு குறியீடுகளும் சேர்ந்திருந்தன. பழைய வாடிக்கையாளர் எப்படிப் புதியவர் ஆவார்? வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் திறந்தால் போதும். அவ்வாறு வாங்கிய டின்னின் விலை 11 ரிங்கிட். அடக்கவிலையைவிட ஒரு ரிங்கிட் குறைவு. ஒன்பது டின்னில் 45 ரிங்கிட் கூடுதலாகப் போய், நட்டம் 141 ரிங்கிட் ஆகிறது.

இத்தகைய ஆர்டர்களை முகவரி காட்டிக்கொடுக்கும். ஒரே வீடு ஒரு கணக்கில் ‘லோட் 12’ என்றும் மற்றொன்றில் ‘எண் 12’ என்றும் இருக்கும். இருப்பினும், ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் தனித்தனியே வாங்குவதும் உண்டு. முகவரியோடு கைப்பேசி எண்ணும், பணம் செலுத்திய வங்கிக் கணக்கும் ஒத்திருந்தால் மட்டுமே ஐயம் வலுப்பெறும். யாரையும் குற்றம் சாட்டாமலே இதைத் தடுக்கலாம்: ஓர் ஆர்டருக்கு ஒரே குறியீடு என்று கடையின் இணையப் பக்கத்தில் அமைத்துவிட்டால், இரண்டாவது குறியீடு ஏற்கப்படாது.