மேற்கும் இடமும்: திசைப்பெயரால் இடஞ்சுட்டும் வழக்கு – கள்ளக்குறிச்சி நிலப்பகுதியை முன்வைத்து

இடஞ்சுட்டுதல் பற்றிய மொழியியல் ஆய்வுகளில் தமிழ் முதன்மையான சான்றுமொழியாக இடம்பெற்றுள்ளது. எனினும் அவ்வாய்வுகள் தமிழில் போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. அவை எழுப்பிய சிக்கல்களைக் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வழக்குகளோடும் கல்வராயன் மலையின் நில அமைப்போடும் பொருத்தி, வினா-விடை முறையில் இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பியர் வழிவந்த ‘திசைச்சொல்’ என்னும் கலைச்சொல் வேறு பொருளுடையது. எனவே இங்குத் ‘திசைப்பெயர்’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

வினா: ஒரு பொருளின் இடத்தைச் சுட்ட மொழிகள் கையாளும் முறைகள் யாவை?

விடை: மூன்று முறைகளைக் கூறலாம். ‘மரத்துக்கு இடப்பக்கம் மாடு நிற்கிறது’ என்பது காண்பவரின் உடலை அளவுகோலாகக் கொண்டது. இதனை ஆள்சார் முறை எனலாம். காண்பவர் மரத்தின் மறுபுறம் சென்றால் அதே மாடு வலப்பக்கமாகிவிடும். ‘மரத்துக்கு மேற்கே மாடு நிற்கிறது’ என்பது திசைசார் முறை. எவர் எங்கு நின்று நோக்கினும் இக்கூற்று மாறாது. ‘வீட்டுக்கு முன்னால்’, ‘வண்டிக்குப் பின்னால்’ என்பன பொருளின் சொந்த முகத்தை அடிப்படையாகக் கொண்டவை. இவை பொருள்சார் முறையின. பெரும்பாலான மொழிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. பேசுவோர் பழக்கத்தால் முதலில் நாடுவது எதனை என்பதில்தான் வேறுபாடு தோன்றுகிறது.

வினா: திசைப்பெயரை நாடும் மொழியில் இட, வலச் சொற்கள் இல்லை என்று கொள்ளலாமா?

விடை: அவ்வாறு பொதுவாகக் கொள்ளுதல் பிழை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கும் கூகு யிமித்திர் மொழியில் இடக்கை, வலக்கை என்னும் உறுப்புப் பெயர்கள் உள்ளன; அவை இடஞ்சுட்டப் பயன்படுவதில்லை. அம்மொழி பேசிய முதியவர் ஒருவர் தம் படகு கவிழ்ந்த நிகழ்ச்சியை 1980-இல் மேற்கு நோக்கி அமர்ந்தும் 1982-இல் வடக்கு நோக்கி அமர்ந்தும் கூறினார். படகு கிழக்கிலிருந்து மேற்காகப் புரண்டதை முதன்முறை கையை முன்னோக்கிச் சுழற்றியும், இரண்டாம்முறை வலமிருந்து இடமாகச் சுழற்றியும் காட்டினார். ஜான் ஹேவிலாண்டும் ஸ்டீபன் லெவின்சனும் பதிவுசெய்த இச்சான்று, திசை சொல்லளவில் நில்லாமல் நினைவிலும் பதிந்திருப்பதைக் காட்டுகிறது.

தமிழின் நிலை வேறு. ‘வலம் வருதல்’ என்பது தெய்வத்தை வலக்கைப்புறம் வைத்துச் சுற்றுதலாகும். ‘சோத்தாங்கைப் பக்கம்’, ‘பீச்சாங்கைப் பக்கம்’ என்னும் பேச்சுவழக்குகளும் உள்ளன. அவ்வழக்குடைய சிற்றூர்களிலேயே, பாயில் அமர்ந்திருப்பவரைச் சற்று நகரச் சொல்ல ‘தெக்கால தள்ளி உக்காரு’ என்பதும், வீட்டுக்குள் குடத்தை வைக்க ‘ஈசானி மூலை’யைச் சுட்டுவதும் இயல்பு. கூரைக்குக் கீழும் திசையுணர்வு விலகுவதில்லை.

வினா: தமிழ் வழங்கும் இடமெல்லாம் இவ்வாறுதானா?

விடை: இல்லை. எரிக் பீடர்சன் மதுரை வட்டாரத்தில் நிகழ்த்தி 1993, 1995 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதனை விளக்கின. ஒரே மொழியைப் பேசுவோரில் சிற்றூரார் திசைப்பெயரையும் நகரத்தார் இட, வலச் சொற்களையும் நாடினர். இரு சாராரும் இருவகைச் சொற்களையும் அறிந்தவர்களே.

ஆய்வில் இரு பகுதிகள் இருந்தன. முதலாவது, ஒருவரையொருவர் காணாதவாறு இருவரை அமர்த்தி, இருவர்க்கும் ஒரே படத்தொகுதியைக் கொடுத்து, ஒருவர் விவரிக்கும் படத்தை மற்றவர் கண்டெடுக்கச் செய்தலாகும். இது மொழிவழக்கை வெளிக்கொணர்வது. இரண்டாவதில் பேச்சே இல்லை. ஆய்வுக்குட்பட்டவர் வடக்கு நோக்கி நிற்க, அவர்முன் மேசையில் மூன்று பொம்மை விலங்குகள் கிழக்கு நோக்கி வரிசையாக வைக்கப்படுகின்றன எனக் கொள்க. அவை அவருடைய வலப்புறத்தை நோக்கியிருக்கும். வரிசையை நினைவிற்கொண்டபின் அவர் திரும்பி, தெற்கு நோக்கி, மற்றொரு மேசையில் அதனை ‘அவ்வாறே’ அடுக்க வேண்டும். விலங்குகளை மீண்டும் வலப்புறம் நோக்க வைத்தால் அவை மேற்கு நோக்கும். நினைவு ஆள்சார் முறையில் அமைந்தது என்பது பொருள். கிழக்கு நோக்க வைத்தால் அவை இடப்புறம் நோக்கும். நினைவு திசைசார் முறையில் அமைந்தது. இரண்டும் சரியான விடைகளே. பேச்சில் திசைப்பெயரை நாடிய குழுவினர் இங்கும் திசையைக் காக்கும் போக்குடையவராகக் காணப்பட்டனர்.

தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளின் ஒப்பாய்வு ‘லாங்குவேஜ்’ இதழில் 1998-இல் வெளிவந்தது. பெக்கி லீ, லைலா கிளைட்மன் ஆகியோர் 2002-இல் இதனை மறுத்தனர். ஆய்வு நிகழும் அறை, சாளரம், அருகிலுள்ள அடையாளப்பொருள் ஆகியவை விடையை மாற்றக்கூடும் என்பது அவர்தம் வாதம். லெவின்சன் குழுவினர் அதே ஆண்டில் மறுமொழி அளித்தனர். இவ்விவாதத்தில் தமிழ்ச் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு. நகரத்தாரும் சிற்றூராரும் பேசும் மொழி ஒன்றாக இருக்க, வழக்கு மட்டும் வேறுபடுகிறது. ஆகவே ‘மொழி இலக்கணமே சிந்தனையை அமைக்கிறது’ என்னும் எளிய முடிவுக்கு இச்சான்று இடந்தருவதில்லை.

வினா: அவ்வாறாயின், திசைசார் வழக்கு நிலைபெறக் காரணம் என்ன?

விடை: பேசுவோர் அனைவரும் ஒரே நிலத்தைப் பகிர்தல் முதன்மைக் காரணம் எனலாம். ஏரி எப்பக்கம், மேட்டுக்காடு எப்பக்கம் என்பது ஊரார்க்கெல்லாம் தெரியுமாதலின், கேட்பவர் எத்திசை நோக்கி நிற்கிறார் என வினவ வேண்டியதில்லை. நிலம் அறியாத அயலார் கூடும் நகரிலோ உடலே பொது அளவுகோலாகிறது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் புதியவர்க்கு வழிகூறுபவர் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்பதை இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம்.

சொல் பேசுபவரைவிட நெடுநாள் வாழவேண்டிய தேவையும் ஒரு காரணம். நிலக்கிரயப் பத்திரம் இதற்குத் தக்க சான்று. ‘அண்டை நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, ஏரிக்கரைக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு, இந்நான்கெல்லைக்குட்பட்டது’ என்னும் சக்குபந்தி வாசகத்தை எடுத்துக்கொள்வோம். விற்கப்படும் நிலம் அண்டை நிலத்துக்கு மேற்கில் உள்ளது. எனவே அண்டை நிலம் இதன் கிழக்கெல்லை ஆகும். இதனை ‘மேற்கில் அண்டை நிலம்’ எனப் பெயர்த்தெழுதினால் எல்லை தலைகீழாகும். நான்கையும் அவ்வாறு மாற்றினால் பிழை எளிதில் புலப்படாது. வண்டிப்பாதை, ஓடை போன்ற நிலையான அடையாளத்தைக் களத்தில் ஒப்பிட்டாலே அகப்படும். சோழர்காலக் கல்வெட்டுகளில் பயிலும் ‘கீழ்பாற்கெல்லை’, ‘மேல்பாற்கெல்லை’ என்னும் தொடர்களைப் படிப்போர்க்கும் இவ்விழிப்பு வேண்டும். கீழ்பாற்கெல்லையைக் கூறும் இடத்தில், எல்லைப்பொருளை அடுத்து ‘மேற்கு’ என வருவது முரண் அன்று. இத்தகைய ஆவணத்தில் ‘இடப்பக்கம்’ என்றெழுதினால், எழுதியவர் எங்கு நின்றார் என்பதையும் எழுத வேண்டிவரும்.

வினா: உழவரின் பேச்சில் இட, வலச் சொற்களுக்கு இடமே இல்லையா?

விடை: உண்டு, அதுவும் ஏரிலேயே உண்டு. நுகத்தில் பூட்டிய இணையை இடத்துமாடு, வலத்துமாடு என்பர். உழவு சுற்றிவரும் தொழில். வடக்கு நோக்கிச் செல்கையில் மேற்கிலிருக்கும் மாடு, திரும்பித் தெற்கு நோக்குகையில் கிழக்காகிவிடும்; நுகத்தில் அதன் பக்கமோ மாறாது. ஆதலின் மாட்டுக்குத் திசைப்பெயர் பயன்படாது. வயலைத் திசையாலும் மாட்டைப் பக்கத்தாலும் சுட்டும் உழவர் ஒரே ஆளே. நிலைத்த பொருளுக்குத் திசையும், தானே திரும்பும் பொருளுக்குப் பக்கமும் பொருந்துவதை இவ்விணை வழக்கு காட்டுகிறது.

வினா: கிழக்கு, மேற்கு என்னும் பெயர்களுக்கும் நிலச்சரிவுக்கும் தொடர்பு உண்டா?

விடை: கீழ் என்பதினின்று கிழக்கும், மேல் என்பதினின்று மேற்கும் தோன்றியமை அறிஞர் பலர்க்கு உடன்பாடு. மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக்கடல் நோக்கிச் சரியும் நிலத்துக்கு இப்பெயர்கள் இயைவன. கேரளத்தில் மலை கிழக்கிலும் கடல் மேற்கிலும் உள்ளன. ஆயினும் மலையாளத்தில் உயர்ந்த பக்கத்தின் பெயர் ‘கிழக்கு’ என்றே நிற்கிறது. மேற்குக்கு மட்டும் ஞாயிறு படுதலைக் குறிக்கும் ‘படிஞ்ஞாறு’ வழங்குகிறது. கால்டுவெல் இதனைக் கொண்டு இரு மொழிகளின் வரலாற்றுத் தொடர்பை வாதிட்டார். சரிவால் பிறந்த பெயர், சரிவு மாறியபின்னும் திசையாக நிலைத்துவிட்டது என்பதே இங்கு வேண்டுவது.

மெக்சிக்கோவின் தெனெஹாப்பாவில் வழங்கும் செல்தால் மொழியில் இம்மாற்றம் பாதிவழியில் நிற்பதுபோல் தோன்றும். அங்குத் தெற்கு உயர்ந்தும் வடக்குத் தாழ்ந்தும் இருப்பதால் ‘மேட்டுப்பக்கம்’, ‘பள்ளப்பக்கம்’ என்னும் சொற்களே அத்திசைகளைக் குறிக்கின்றன; சமதளத்திலும் அவ்வாறே ஆளப்படுகின்றன.

வினா: கல்வராயன் மலையில் கள ஆய்வு செய்வோர் எதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்?

விடை: ‘மேல’, ‘கீழ’ என்னும் சொற்களின் இருபொருண்மையே முதல் இடர். மேலத்தெரு என்பது மேற்குத்தெருவாகலாம்; மேட்டில் உள்ள தெருவும் ஆகலாம். கள்ளக்குறிச்சிப் பக்கச் சரிவில் நிலம் கிழக்கே தாழ்ந்து, கோமுகி ஆறு கச்சிராயபாளையம் அருகிலுள்ள அணைக்கு இறங்குகிறது. அச்சரிவில் மேட்டுப்பக்கமும் மேற்கும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே ஒருவர் ‘மேல போ’ என்றால் அவர் சரிவைச் சுட்டினாரா, திசையைச் சுட்டினாரா என்பதை அவ்விடத்துச் சான்றால் பிரித்தறிய இயலாது. அங்கு எத்தனை உரையாடல்களைத் தொகுத்தாலும் இவ்வினா தீராது.

மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில் மேற்குநோக்கிச் சரியும் இடங்களில் இரண்டும் எதிரெதிராகப் பிரிகின்றன. அங்கே மேட்டுப்பக்கம் கிழக்கு, பள்ளப்பக்கம் மேற்கு. அவ்விடத்தில் ‘மேல’ எப்பக்கத்தைக் குறிக்கிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். ‘மேக்கால’, ‘கெழக்கால’ என்னும் வடிவங்கள் தெளிவாகத் திசையையே குறிப்பவை. ‘ஏத்தம்’, ‘எறக்கம்’ என்பன சரிவையே குறிப்பவை. இவ்விருவகையோடு ஒப்பிட்டால் ‘மேல’வின் பொருள் தெளிவாகும். வடக்கு, தெற்கு ஆகியவற்றுக்கு இவ்விருபொருண்மை இல்லை. ஆகவே வடக்கு-தெற்காக அமைந்த மேசையில் தொடங்குவது பாதுகாப்பானது.

சமவெளியின் ஊர்ப்பெயர்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வடக்கநந்தல், வடதொரசலூர், வடபொன்பரப்பி, தென்கீரனூர் ஆகியவற்றின் முன்னொட்டைத் திசைப்பெயராகக் கொள்வதில் இடரில்லை. மேல்நாரியப்பனூர், கீழ்குப்பம் போன்றவற்றில் வரும் மேல், கீழ் ஆகியவற்றை நிலவரைபடத்தில் இணையூரின் இருப்பையும் தரைமட்டத்தையும் சரிபார்த்த பின்னரே மேற்கு, கிழக்கு எனக் கொள்ளல் தகும்.