கிரியேட்டின்: சஷே வாங்குவதா, டப்பா வாங்குவதா?

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகரத்துக்கு ஜிம் போகிற ஒரு தம்பி போன மாதம் என்னிடம் இரண்டு பொருளைக் கொண்டுவந்து காட்டினான். ஒன்று, முந்நூறு கிராம் கிரியேட்டின் டப்பா. மற்றது, ஒருவேளைக்கு ஒன்று என்று கிழித்துக் குடிக்கும் சஷேக்கள் அடுக்கிய சிறு பெட்டி. "அண்ணா, இதுல எது லாபம்?" என்றான். பால்மாவையும் ஷாம்பூவையும் சஷேயில் வாங்கிப் பழகிய நமக்குக் கேள்வி புதிதல்ல. ஆனால் கிரியேட்டினில் விலை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தம்பிக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் அளவை முடிவுசெய்யுங்கள்

பெரும்பாலானவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும். முதல் ஐந்தாறு நாள் தினம் 20 கிராம் எடுக்கும் "லோடிங்" முறை 1990களின் தொடக்க ஆய்வுகளிலிருந்து வந்தது. அது தசையை விரைவாக நிரப்பும். ஆனால் தினம் 3 கிராம் எடுத்தாலும் நான்கு வாரத்தில் ஏறத்தாழ அதே நிலைக்கு வந்துவிடலாம் என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அவசரம் இல்லாதவர் லோடிங்கை விட்டுவிடலாம். சஷேயில் லோடிங் செய்தால் தினம் நான்கு சஷே தீரும், அது பணத்தைக் கரைக்கும் வழி.

ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ளவர் 3 கிராமில் நிறுத்திக்கொள்ளலாம். எண்பது கிலோவுக்கு மேல் என்றால் 5 கிராம். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு கூடிக் காட்டினால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் வீண் பயம் வரும்.

2. ஒரு கிராமின் விலையைக் கணக்கிடுங்கள்

பெட்டியின் விலையைப் பெட்டியின் எடையால் வகுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரியேட்டினின் எடையால் வகுங்கள். சுவை சேர்த்த சஷேயில் மொத்த எடை 8 கிராம் என்றிருக்கும், ஆனால் ஊட்டச்சத்து அட்டவணையில் கிரியேட்டின் 3 கிராம்தான் இருக்கும். மீதி இனிப்பும் புளிப்பும் நிறமும்.

கணக்கு புரிவதற்காக மூன்று விலைகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

300 கிராம் சுத்தமான தூள் உள்ள டப்பா 12,000 ரூபா. ஒரு கிராம் 40 ரூபா.

ஒவ்வொன்றிலும் 5 கிராம் கிரியேட்டின் உள்ள 30 சஷேக்கள் 9,000 ரூபா. ஒரு சஷே 300 ரூபா, ஒரு கிராம் 60 ரூபா.

8 கிராம் எடையில் 3 கிராம் மட்டும் கிரியேட்டின் உள்ள சுவை சஷே ஒன்று 240 ரூபா. ஒரு கிராம் 80 ரூபா.

கையில் பிடித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் மலிவு போலத் தெரியும். கிராம் கணக்கில் அது டப்பாவைப் போல இரண்டு மடங்கு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 3 கிராம் போதும் என்கிறவருக்கு 5 கிராம் சஷே தேவையில்லாமல் இரண்டு கிராம் விற்கிறது. கிழித்த சஷேயில் மீதியை மடித்து வைத்தால் நம் ஊர் ஈரம் அதற்குள் போய்விடும். டப்பா வைத்திருப்பவரோ தன் அளவை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு நாள் செலவு 120 ரூபா, 300 கிராம் நூறு நாள் வரும்.

அப்படியானால் சஷே எப்போது லாபம்? தொடர்ந்து எடுப்போமா என்று தெரியாதபோது. மேலே சொன்ன விலையில் 12,000 ரூபாவை 300 ரூபாவால் வகுத்தால் 40 வருகிறது. நாற்பது நாளுக்கு முன் நிறுத்திவிடுவீர்கள் என்றால், பாதியில் கிடக்கப் போகும் டப்பாவைவிட சஷேயில் செலவு குறைவு. நாற்பது நாளைத் தாண்டினால் டப்பா. எந்த விலைக்கும் இதே வகுத்தல் பொருந்தும்: டப்பாவின் விலை வகுத்தல் ஒரு சஷேயின் விலை.

3. கரண்டியைச் சோதியுங்கள்

"சஷேயில் அளவு சரியாக இருக்கும், டப்பாவில் குத்துமதிப்பு" என்பார்கள். பாதி உண்மை. டப்பாவுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டி பருமனைத்தான் அளக்கிறது, எடையை அல்ல. தூள் நைஸாக இருக்கிறதா, அமுங்கியிருக்கிறதா, கரண்டியைக் குவித்து எடுத்தீர்களா என்பதைப் பொறுத்து எடை மாறும். வீட்டுத் தேக்கரண்டியை நம்புகிறவர்களுக்கும் இதே சிக்கல். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீட்டர், 5 கிராம் அல்ல. தட்டையாக எடுத்த தேக்கரண்டி கிரியேட்டின் பெரும்பாலும் 3 கிராமுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும். 5 கிராமை அதில் தனியாக நிறுத்தால் அரை கிராம் வரை தவறு வரலாம். அதனால் பத்துக் கரண்டியைச் சேர்த்து நிறுங்கள்:

அ. உலர்ந்த கிண்ணத்தைத் தராசில் வைத்து பூச்சியமாக்குங்கள்.

ஆ. டப்பாவை மெதுவாகக் குலுக்கித் தூளைத் தளர்த்துங்கள். கரண்டியால் அள்ளி, கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்துங்கள்.

இ. பத்துக் கரண்டி போடுங்கள். எடையைப் பத்தால் வகுங்கள்.

ஈ. மீண்டும் பத்து, இம்முறை நீங்கள் வழக்கமாக அள்ளுகிற மாதிரி.

என் வீட்டு டப்பாவில் வழித்தெடுத்த பத்து 46 கிராம் வந்தது, அதாவது கரண்டிக்கு 4.6. அதே கரண்டியைக் குவித்து எடுத்தபோது 62 கிராம். ஆக, ஒரு கரண்டி என்று நினைத்து 6.2 கிராம் குடித்துக்கொண்டிருந்தேன், டப்பா சொன்ன நாளைவிட முன்னதாகவே தீர்ந்தது. தராசிலும் சந்தேகம் இருந்தால் ஃபார்மசியில் ஒரு 10 மில்லிலீட்டர் சிரிஞ்ச் வாங்கி, ஐந்து முறை நிரப்பித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். 50 கிராமுக்கு அருகில் காட்ட வேண்டும்.

சஷேயையும் இப்படியே சோதிக்கலாம். பத்தை நிறுத்து, தூளைக் கொட்டிவிட்டு வெறும் பைக்கற்றுகளை மறுபடி நிறுங்கள். வித்தியாசம்தான் உங்கள் வாய்க்குப் போனது. மூலையில் ஒட்டிக்கொண்டு வீணாகும் தூளும் இதில் தெரிந்துவிடும்.

ஆனால் இத்தனை துல்லியம் எதற்கு? உடல் கிரியேட்டினை ஒரு கிணறு போலச் சேமிக்கிறது. ஒருநாள் 4.6, மறுநாள் 5.2 என்று போனால் தசைக்கு வித்தியாசமே தெரியாது. ஒருநாள் விட்டுப்போனாலும் கிணறு வற்றிவிடாது, முழுதாகப் பழைய நிலைக்கு இறங்க நான்கு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே அளவுத் துல்லியத்துக்காக மட்டும் சஷேக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. தினமும் குவித்து அள்ளுகிற பழக்கத்தைத் திருத்தினால் போதும்.

4. கரைப்பதிலும் அளவு போகும்

பலர் கவனிக்காத இடம் இது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 14 கிராம் கிரியேட்டினைத்தான் கரைக்கும். அதாவது 5 கிராமுக்கு ஏறத்தாழ 360 மில்லிலீட்டர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரில் அதில் பாதிகூடக் கரையாது. போத்தலின் அடியில் மணல்போலத் தங்குவது நீங்கள் காசு கொடுத்த மருந்தளவின் ஒரு பகுதி. மீண்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடியுங்கள்.

மலைநாட்டில் இதற்கு எளிய வழி இருக்கிறது: குடிக்கும் சூட்டில் ஒரு கோப்பை பிளேன் டீ. 50 பாகையில் 150 மில்லிலீட்டரிலேயே 5 கிராம் கரைந்துவிடும். கலந்ததும் குடித்துவிட வேண்டும். தண்ணீரில் கரைந்த கிரியேட்டின் மெல்ல கிரியேட்டினினாக மாறும், புளிப்பு கூடினால் மாற்றம் விரைவாகும். எலுமிச்சைச் சாற்றில் கலந்து உடனே குடித்தால் பிழையில்லை. இரவே கலந்து அடுத்தடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது.

5. பையில் கொண்டுபோக

சஷே உண்மையிலேயே வெல்லும் இடம் பயணம். காலையில் வேலை, மாலையில் ஜிம், இரவு பஸ் என்று அலைகிறவருக்கு டப்பாவைச் சுமப்பது வேலைக்காகாது. ஆனால் அதற்கு வருடம் முழுதும் சஷே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு சிறிய, மூடி இறுகும் பிளாஸ்டிக் குப்பிகளில் வழித்தெடுத்த ஒவ்வொரு கரண்டி போட்டு வைத்தால் வாரம் முடிந்தது.

ஜிப் பையில் மட்டும் கட்டாதீர்கள். பெயரில்லாத வெள்ளைத் தூளைச் சோதனைச் சாவடியில் விளக்குவது சிரமம். குப்பியில் "கிரியேட்டின்" என்று எழுதி, டப்பாவின் லேபிள் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள். விமானத்தில் போகும்போதும், வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போதும் அச்சிட்ட மூடிய சஷேயே நல்லது.

போட்டியாளர்கள் இதையும் பாருங்கள்: கிரியேட்டின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் வேறு பொருள் கலந்திருந்தால் பொறுப்பு உங்களுடையது. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத உதிரித் தூளை எடையிட்டு விற்பவரிடம் வாங்க வேண்டாம். சஷேக்களைப் பெட்டி இல்லாமல் தனித்தனியாக வாங்கும்போதும் அந்த இரண்டும் ஒவ்வொரு சஷேயிலும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

6. ஈரத்திலிருந்து காப்பாற்ற

மழைக்காலத்தில் திறந்த டப்பாவின் பகை ஈரக் கரண்டி. உலர்ந்த கரண்டியை மட்டும் இடுங்கள், உள்ளே இருக்கும் உறிஞ்சிப் பையை எறியாதீர்கள், எடுத்தவுடன் மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே நீர் வேர்க்கும். சமையலறைக் கேத்தலுக்குப் பக்கமும் வேண்டாம், அறையின் அலுமாரி போதும்.

கட்டியாகிவிட்டால் பயப்பட வேண்டாம். உலர்ந்த கட்டி விரலால் உதிர்ந்தால், நிறமும் மணமும் மாறாவிட்டால் பயன்படுத்தலாம். ஆனால் கட்டி கரண்டிக்குள் ஒழுங்காக அமராது, அதனால் அன்றிலிருந்து கரண்டியை விட்டுத் தராசில் நிறுங்கள். ஒட்டும் ஈரமும் மஞ்சள் நிறமும் வாடையும் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

தம்பி கடைசியில் என்ன செய்தான்? முதல் மாதத்துக்கு 5 கிராம் சஷே பெட்டி ஒன்று வாங்கினான், வயிறு ஏற்றுக்கொள்கிறதா, தினமும் எடுக்கிறானா என்று பார்ப்பதற்காக. இரண்டாம் மாதம் டப்பாவுக்கு மாறினான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: தொடக்கத்துக்கும் தூரப் பயணத்துக்கும் சஷே, வீட்டுக்கு டப்பா, அன்றாடப் பைக்கு நீங்களே நிரப்பிய குப்பி.