சார்ஜர் விற்குமுன் எண்ணைப் பாருங்கள்

பட்டு எடுக்கவும் கோயில் தரிசனத்துக்கும் நம் காஞ்சிக்கு வரும் வெளியூர்க்காரர்கள், செல்போன் சார்ஜரை மறந்துவிட்டால் மளிகைக் கடையிலும் கேட்கிறார்கள். அதனால் நம்மில் பலர் சோப்பு, பேட்டரிக்குப் பக்கத்தில் சார்ஜரையும் தொங்க விடுகிறோம். மிளகாயையும் பருப்பையும் கையில் எடுத்துப் பார்த்தே தரம் சொல்லிவிடுவோம். சார்ஜரில் அது நடக்காது.

பிளக்கில் வரும் மின்சாரம் 230 வோல்ட். சாதாரண சார்ஜர் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துப் போனுக்குக் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மரின் காப்பு நாடாவும் இடைவெளியும்தான். பெயரில்லாத மலிவுச் சரக்கில் முதலில் குறைவது இவைதான்; பியூஸும் இருக்காது. கடையில் சொருகிப் பார்த்தால் போன் நன்றாகவே சார்ஜ் ஆகும். பிறகு ஒரு நாள் சூட்டிலோ ஈரத்திலோ காப்பு விட்டுப்போனால், போனைப் பிடித்திருப்பவர் கைக்கு 230 வோல்ட் வந்துவிடும். ஆகவே ‘வேலை செய்கிறது’ என்பது சோதனையே அல்ல.

பார்க்க வேண்டியது எண். இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவான சார்ஜரில் அதன் முத்திரையோடு R- என்று தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். சார்ஜருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது, அது இருந்தாலே சந்தேகப்படலாம். CE என்பது ஐரோப்பியக் குறி. இங்கே அது சான்று ஆகாது.

எண் இருந்தால் மட்டும் போதாது, அதையும் நகல் எடுப்பார்கள். செல்போனில் BIS Care என்ற செயலியைத் திறந்து அந்த எண்ணைப் போடுங்கள். தயாரிப்பாளர், பிராண்டு, பொருள் வகை ஆகியவை வரும். உதாரணமாக, கையில் இருப்பது சார்ஜர். செயலியிலோ அந்த எண் எல்.இ.டி. விளக்குக்கு உரியது என்று வருகிறது. அல்லது அட்டையில் ஒரு பிராண்டு, செயலியில் வேறு பிராண்டு. இரண்டுமே திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு. எல்லாம் பொருந்தினாலும், அச்சு அசலாக நகல் எடுத்த போலி இதில் தப்பிவிடலாம். அதற்குக் காவல் பில்தான்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளால் தீங்கு நேர்ந்து, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் மீதே இழப்பீட்டுப் பொறுப்பு விழலாம். சில்லறைக் கடைக்காரர் பில் இல்லாமல் வாங்கிய சார்ஜருக்கு அவரேதான் முகவரி. எனவே பிராண்டும் மாடலும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். ‘பில் போட்டால் விலை ஏறும்’ என்று சொல்பவரிடம் அந்தச் சரக்கை எடுக்க வேண்டாம்.